உலரும் கண்ணும் லென்ஸ் டப்பாவும்

கண்ணில் அணியும் மென்மையான லென்ஸ், கருவிழியின் மேல் மெல்லியதாகப் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் மிதக்கிறது. அது அந்தப் படலத்தை இரண்டாகப் பிரித்து மேலும் மெலிதாக்குவதால், லென்ஸ் போட்ட கண்ணில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும். கணினித் திரையை உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பது பாதிக்குப் பாதி குறைகிறது. இமைத்தாலும் இமை முழுதாக மூடுவதில்லை. மிச்சமிருக்கும் ஈரத்தை ஏசி காற்று எடுத்துக்கொள்ளும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரின் நாளை எடுத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்கு லென்ஸ் போடுகிறார். புறநகர் ரயிலில் ஜன்னலோரக் காற்று, இறங்கியதும் லாரிகள் கிளப்பும் புழுதி, பிறகு நாள் முழுக்க ஏசி அறை. லென்ஸைக் கழற்றும்போது இரவு 9 மணி. அதாவது 15 மணி நேரம். மதியம் 3 மணிக்கே மணல் விழுந்ததுபோல் உறுத்தும். அவர் கண்ணைக் கசக்குவார். உலர்ந்த லென்ஸ் உராய்வதில் கருவிழியின் மேல்தோலில் நுண்ணிய கீறல்கள் விழும். அதுவரை அது வெறும் உறுத்தல்தான். கீறல் வழியாகக் கிருமி உள்ளே போனால் கருவிழிப் புண்ணாகிவிடும். அந்தக் கிருமி பெரும்பாலும் குடியிருக்கும் இடம், குளியலறை அலமாரியில் இருக்கும் லென்ஸ் டப்பா.

டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் பாதி இருக்கும்போது அதன் மேலேயே புதிதாகக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வது பரவலான பழக்கம். பழைய திரவத்தில் கிருமிநாசினியின் வீரியம் தீர்ந்திருக்கும்; அதோடு கலந்தால் புதியதும் நீர்த்துப்போகும். தண்ணீரில் டப்பாவைக் கழுவுவது இன்னும் மோசம். போர்வெல் தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும் ஆர்ஓ தண்ணீரானாலும், அகந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் இருக்கக்கூடும். அது கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும்.

சரியான முறை எளியது. சோப்பால் கை கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சில துளி சொல்யூஷன் விட்டு, இரு பக்கமும் விரலால் தேய்த்து அலசி, புதிய சொல்யூஷனில் ஊறவைக்க வேண்டும். பாட்டிலில் ‘தேய்க்கத் தேவையில்லை’ என்று போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது. காலையில் டப்பாவைக் காலி செய்து, சொல்யூஷனால் அலசி, திறந்தபடி கவிழ்த்துக் காயவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா போதும். மாத லென்ஸ் என்றால், போட்ட நாட்கள் எத்தனையானாலும் உறையைப் பிரித்த நாளிலிருந்து 30 நாள்தான் கணக்கு. லென்ஸோடு தூங்கவே கூடாது. நைட் ஷிஃப்ட் முடிந்து ரயிலில் கண்ணயர்வதும் தூக்கம்தான்.

வறட்சியைக் கண் மருத்துவர் இரண்டு சோதனைகளில் கணிக்கிறார். கீழ் இமையில் சிறு காகிதத் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் கடும் வறட்சி. மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்பது மற்றொன்று. 10 நொடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருப்பதுதான் பலருக்குக் காரணம். அவர்கள் இளஞ்சூடான துணியை 5 முதல் 10 நிமிடம் மூடிய இமைமேல் வைத்து, பிறகு இமையோரத்தை மெல்ல நீவிவிட்டால் எண்ணெய் இளகும்.

அடுத்தது செயற்கைக் கண்ணீர். பல சொட்டு மருந்துகளில் சேர்க்கப்படும் பாதுகாப்பு வேதிப்பொருளை மென்மையான லென்ஸ் உறிஞ்சித் தேக்கிவைத்துக்கொள்ளும். ஆகவே அது கலக்காத, ஒருமுறைப் பயன்பாட்டுக் குப்பிகளே லென்ஸ் அணிபவர்களுக்கு ஏற்றவை. பாதுகாப்புப் பொருள் இல்லாத மருந்தில் சுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2023ஆம் ஆண்டு காட்டியது. சென்னை அருகே தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் தொற்றில் சிலர் பார்வை இழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். குப்பியின் நுனி இமையில் படக் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்தச் சுத்தத்துக்காகவே. சிவப்பு போவதற்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது சிவப்பை மறைத்துப் புண்ணை வளர்த்துவிடும்.

வறட்சியால் வரும் எரிச்சல் பெரும்பாலும் இரு கண்ணிலும் இருக்கும், லென்ஸைக் கழற்றினால் தணியும். ஒரே கண்ணில் வலி, கழற்றிய பிறகும் ஏறும் சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவை புண்ணின் அறிகுறிகள். சூடோமோனாஸ் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. அன்றே திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ போக வேண்டும். போகும்போது கழற்றிய லென்ஸ், டப்பா, சொல்யூஷன் பாட்டில் மூன்றையும் கழுவாமல் எடுத்துச் செல்வது அவசியம். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பதை ஆய்வகம் அவற்றிலிருந்தும் கண்டுபிடிக்க முடியும்.