புள்ளி தொலையும் இடம்

அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, கைப்பேசியைக் கொண்டே அதை எழுத்தாக மாற்றிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. ‘கரையில்’ என்று அச்சில் இருப்பது ‘கரையில’ என்று வரும். அடுத்தபடியாக ரகரம் துணைக்காலாகவும், துணைக்கால் ரகரமாகவும் இடம் மாறும். ஏரி எரியாகும், கோடு கொடு ஆகும். உடனே தமிழுக்குச் சரியான எழுத்துணரி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் அனுபவத்தில், பெரும்பாலான பிழைகள் எழுத்துணரியிடம் போவதற்கு முன்பே, படத்திலேயே உருவாகிவிடுகின்றன. எஞ்சிய பிழைகளில் கணிசமானவற்றைத் தமிழ் இலக்கணத்தை வைத்தே பிடிக்கலாம்.

இணையத்துக்குப் படத்தை அனுப்பி எழுத்தாக மாற்றித் தரும் சேவைகள் தமிழை நன்றாகவே படிக்கின்றன. ஆனால் வீட்டுப் பத்திரத்தையோ, தாத்தாவின் நாட்குறிப்போடு இருந்த அச்சு நோட்டீஸையோ வெளியே அனுப்ப எல்லோருக்கும் மனம் வராது. சிக்னல் கிடைக்காத ஊர்களும் உண்டு. கருவிக்குள்ளேயே வேலை முடிய வேண்டுமானால் தமிழுக்குத் தேர்வு குறைவு. ஆண்ட்ராய்டு செயலிகள் பெரிதும் நம்பும் கூகுளின் எம்எல் கிட், கருவியிலேயே படிக்கும் வசதியை லத்தீன், சீனம், தேவநாகரி, ஜப்பானியம், கொரியம் ஆகிய எழுத்துகளுக்குத்தான் கொடுத்தது. அதனால் பலரும் போய்ச் சேருவது டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளிடம். 1985 முதல் ஹெச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் பொதுவில் விடப்பட்டு, பிறகு கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டாமல், நரம்பு வலையமைப்பைக் கொண்டு வரி வரியாகப் படிக்கிறது. தமிழுக்கான பயிற்சிக் கோப்பு சில மெகாபைட்தான். கைப்பேசிச் செயலிக்குள் அடக்கமாக உட்கார்ந்துவிடும்.

அறுபதுகளில் அச்சான ஒரு கதைப் புத்தகத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். டெம்மி அளவு, ஏறக்குறைய 21.5 செ.மீ. உயரம், அதாவது எட்டரை அங்குலம். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கத்தில் 4000 பிக்சல்கள் இருக்கும். பக்கம் சட்டத்தை நிறைத்து நின்றால் அங்குலத்துக்கு 470 பிக்சல் கிடைக்கும். மேசை, கை, பக்கத்துப் புத்தகம் எல்லாம் தெரியும்படி எடுத்து, பக்கம் பாதிச் சட்டத்தில் அடங்கிவிட்டால் 235 ஆகிவிடும். டெசராக்டுக்கு 300-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. படத்தை வாட்ஸ்அப் போன்ற ஒன்றின் வழியே வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கி வந்தால், சட்டத்தை நிறைத்து எடுத்த படத்தில்கூட அங்குலத்துக்கு 190 கூட மிஞ்சாது. சிறிய அச்சின் புள்ளிக்கு அதில் இரண்டு மூன்று பிக்சல்தான் ஒதுங்கும். ஜேபெக் சுருக்கத்தில் அதுவும் சாம்பல் கறையாகக் கரையும். கண் அதைப் புள்ளி என்று புரிந்துகொள்கிறது என்றால், அடுத்து என்ன சொல் வரும் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான்.

புள்ளி தொலைய இன்னொரு காரணம், நாமே செய்யும் ‘சுத்தம்’. ஸ்கேனர் செயலிகள் பழைய தாளின் மஞ்சளையும் துகள்களையும் நீக்கி வெள்ளை வெளேர் என்று ஆக்கித் தருகின்றன. தனியாக நிற்கும் சின்னக் கறுப்புப் பொட்டு தூசி என்பதே அந்த வடிகட்டியின் கணக்கு. அதன் கணக்கில் தமிழ்ப் புள்ளியும் தூசிதான். ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குத் துகள் நீக்கியை அணைத்துவிட்டு, சாம்பல் நிறப் படமாகவே கொடுப்பது நல்லது. ஈய எழுத்தில் அடித்த புத்தகங்களில் மை தெறித்த பொட்டுகள் அப்போது புள்ளியாகப் படிக்கப்படலாம், உண்மைதான். ஆனால் அவை சில இடங்களில்தான் வரும். புள்ளியை அழித்தால் பக்கம் முழுவதும் போகும்.

வெளிச்சமும் அப்படித்தான். டெசராக்ட் இயல்பாகப் பக்கம் முழுவதற்கும் ஒரே வரம்பை வைத்துக் கறுப்பு வெள்ளை பிரிக்கிறது. கைநிழல் ஒரு மூலையில் விழுந்தால் அந்த மூலை முழுவதும் கறுப்பாகிவிடும். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுப்பதே இதற்கு மருந்து. மிக நெருங்கினால் நிழலும் விழும், ஓரங்களும் வளையும். ஐந்தாம் பதிப்பில் இடத்துக்கு ஏற்ப வரம்பை மாற்றும் முறைகளும் உண்டு. நிழலைத் தவிர்க்கவே முடியாத படங்களுக்கு அவை உதவும்.

கணினியில் கட்டளை இவ்வளவுதான்:

```
tesseract page.png page -l tam --psm 6 tsv
```

இதில் `--psm 6` என்பது, இந்தப் படம் ஒரே சீரான பத்தி என்று சொல்வது. கதைப் பக்கத்துக்கு இது பொருந்தும். இரண்டு பத்தி கொண்ட வார இதழ்ப் பக்கத்தில் இதையே கொடுத்தால் இடப் பத்தியின் வரியும் வலப் பத்தியின் வரியும் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்தெல்லாம் சரியாக இருந்து வாக்கியம் மட்டும் தடம் மாறினால் காரணம் இதுதான். கடைசியில் உள்ள `tsv` ஒவ்வொரு சொல்லையும் அது பக்கத்தில் இருந்த இடத்தோடும், எழுத்துணரிக்கு அந்தச் சொல்லில் எவ்வளவு உறுதி என்பதை 0 முதல் 100 வரையான எண்ணாகவும் தரும்.

அந்த எண்ணைச் சொல் சொல்லாகப் பார்ப்பதைவிட, குறைந்த எண்கள் பக்கத்தில் எங்கே கூடியிருக்கின்றன என்று பார்ப்பது அதிகப் பயன் தரும். பக்கம் முழுக்கப் பரவியிருந்தால் படம் மங்கல், அல்லது பிக்சல் போதாது. திருத்த உட்காராமல் மறுபடி எடுப்பதே நேர மிச்சம். புத்தக முதுகை ஒட்டிய சொற்களில் மட்டும் என்றால் தாள் வளைந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்து எடுத்தால் போதும். ஒரு மூலையில் என்றால் நிழல். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால்தான் அது எழுத்துப் பிழை. அப்போது மெய்ப்புத் திருத்தத்துக்கு உட்காரலாம்.

இப்போது ஒரு வரி. அச்சில் இருப்பது இது: ‘ஏரிக் கரையில் இருந்த மரத்தைச் சுற்றிக் கொடிகள் படர்ந்திருந்தன.’ சுமாரான படத்திலிருந்து இது இப்படி வரலாம்: ‘எரிக் கரையில இருந்த மாத்தைச் சுற்றிச் கொடிகள் படாந்திருந்தன.’

இங்கே தமிழ் நமக்கு ஒரு கொடை தந்திருக்கிறது. சொல்லின் கடைசியில் க், ச், த், ப் வந்தால் அது பெரும்பாலும் சந்தி. அடுத்த சொல் அதே எழுத்தின் வரிசையில்தான் தொடங்கியாக வேண்டும். ‘சுற்றிச்’ என்று முடிந்து ‘கொடிகள்’ என்று தொடங்கினால், இரண்டில் ஒன்று தவறு. அகராதி எதுவும் இல்லாமல், சிறு நிரல் ஒன்றால் இதைப் பிடித்துவிடலாம். ‘பேங்க்’ போன்ற கடன் சொற்களை மட்டும் மன்னித்து விட வேண்டும். இன எழுத்து விதியும் இதே வகை. டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன். சுழி அடைத்துப்போய் ‘வண்டி’ என்பது ‘வன்டி’ என்று வந்தால் உடனே தெரிந்துவிடும். ரகர மெய் இரட்டிக்காது. உயிரெழுத்து, அளபெடை தவிர, சொல்லின் நடுவில் வராது. இரண்டு துணைக்கால்கள் அடுத்தடுத்து வரவே முடியாது. ‘பார்த்தான்’ சில நேரம் ‘பாாத்தான்’ ஆகும்போது சிக்குவது இப்படித்தான்.

‘மாத்தைச்’, ‘படாந்திருந்தன’ இரண்டும் இந்த விதிகளைத் தாண்டிவிடும். எழுத்து அமைப்பில் குறை இல்லை, சொல்தான் இல்லை. இவற்றுக்கு உறுதி எண் குறைவாக இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ‘கரையில’ கதையில் பேச்சுமொழியாகவும் இருக்கலாம். அதனால் சந்தேகக் குறி மட்டுமே போட முடியும். அபாயமானது ‘எரிக்’. அதுவும் நல்ல தமிழ்ச் சொல், சந்தியும் சரி, எழுத்துணரியும் உறுதியாகவே சொல்லக்கூடும். மணம் மனமாவதும் காடு கரடாவதும் இதே இனம். இவற்றைப் பிடிக்கப் பொருளை உணர்ந்து படிக்கும் ஆள் வேண்டும், பக்கத்தில் மூலப் படமும் வேண்டும். வாட்டமாக, ஒவ்வொரு வரிப் படத்தின் கீழும் அதன் எழுத்தைக் காட்டும்படி செயலி அமைந்திருந்தால் கண் இரண்டு பக்கங்களுக்கு இடையே அலையாது.

இதனால்தான் அகராதியை வைத்துத் தானாகத் திருத்துவதை நான் எதிர்க்கிறேன். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி ஒட்டி ஒரு வேர் நூற்றுக்கணக்கில் விரியும். ‘வீட்டிலிருந்துதானே’ எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இருக்காது. பட்டியலில் இல்லாததை அருகில் உள்ள சொல்லாக மாற்றினால், கண்ணுக்குத் தெரிந்த பிழை கண்ணுக்குத் தெரியாத பிழையாகிவிடும். சந்தேகமான சொல்லுக்கு மஞ்சள் நிறம் பூசி விட்டுவிடுவது போதும்.

அறுபதுகளின் புத்தகத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணா, றா, னா முதலியவை கால் தனியே பிரியாமல் ஒட்டிய வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை மேலே துதிக்கையோடும் அச்சாயின. நின்றான், சொன்னான், இல்லை, இவை இல்லாத கதைப் பக்கம் ஏது? எழுத்துணரி கற்றது பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்களில். ஆகவே வரிக்கு வரி இடறும். புத்தகத்தின் ஆண்டை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. பெரியாரின் குடிஅரசு 1935-லேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. ஒரு பக்கத்தில் ‘இல்லை’யைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தப் பிழைகளில் ஒரு நல்லது, தெளிவான படத்தில் அவை பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். ஒரு பக்கத்தைத் திருத்தியபின் அடுத்த பக்கங்களில் மாற்று விதியாகப் போடலாம். புத்தகம் பெரிது என்றால், சில நூறு வரிகளின் படங்களையும் திருத்திய எழுத்தையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்து, `tesstrain` கொண்டு தமிழ்க் கோப்புக்கே பழைய வடிவங்களைக் கற்றுக்கொடுப்பது நல்ல வழி.

திருத்தி முடித்த எழுத்திலும் ஒரு பிழை ஒளிந்திருக்கும். ‘கௌரி’ என்பதில் ககரத்துக்குப் பின் வருவது ஔகாரக் குறியா, ஒற்றைக் கொம்பும் ளகரமுமா என்று கண்ணால் சொல்ல முடியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தேடினால் கிடைக்காது. ‘கொ’ ஒற்றைக் குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வரலாம். யூனிகோடு ஒருங்கமைப்பு `NFC` இந்த இரண்டாவதைச் சரிசெய்துவிடும், ளகரத்தைச் சரிசெய்யாது. கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடங்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடவும் முடியாது, ‘வெள்ளம்’ என்பதிலும் ‘தெளிவு’ என்பதிலும் இருப்பது உண்மையான ளகரம்.