தேடுபவர் கண்ணில் படும் தலைப்பு

செக்கு எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் யூடியூபில் விளம்பர வீடியோ போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில், ‘எங்கள் பாரம்பரியம், உங்கள் ஆரோக்கியம்’ என்கிறார். அழகான வரிதான், ஆனால் எண்ணெய் தேடும் யாரும் அதைத் தட்டச்சு செய்ய மாட்டார்கள்.

முதலில் யூடியூப் தேடல் பெட்டியில் ‘நல்லெண்ணெய்’ என்று அடித்துவிட்டு நிறுத்துங்கள். கீழே வரிசையாக வருபவை மக்கள் தேடும் சொற்கள். அவற்றில் உங்கள் வீடியோ உண்மையிலேயே பதில் சொல்லும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘செக்கு நல்லெண்ணெய் கலப்படமா? வீட்டிலேயே பார்க்கலாம்’ என்று வைத்தால் தேடும் சொல் முன்னால் நிற்கும். தலைப்புக்கு 100 எழுத்துகள் வரை இடமுண்டு. தமிழில் கால், கொம்பு, புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். கைப்பேசியில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் கடைப்பெயரைக் கடைசியில் வையுங்கள்.

பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தேடுகிறார்கள். `chekku nallennai` என்பதை விளக்கக் குறிப்பின் முதல் வரிகளில் இயல்பான வாக்கியத்தில் சேருங்கள். டேக் பெட்டியை நிரப்புவதில் பெரிய பலனில்லை. யூடியூபே அப்படித்தான் சொல்கிறது.

பேசும்போது ‘இது’, ‘நம்ம ஐட்டம்’ என்னாமல், தொடக்கத்திலேயே ‘செக்கு நல்லெண்ணெய்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். தானியங்கி வசனவரி ‘செக்கு’வை ‘செக்’ ஆக்கிவிடக்கூடும். யூடியூப் ஸ்டுடியோவில் அதைத் திருத்துங்கள்.

சில வாரம் கழித்து, ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் ‘யூடியூப் தேடல்’ பகுதியைத் திறந்தால் எந்தச் சொல்லால் வந்தார்கள் என்பது தெரியும். வந்தவர்கள் முதல் நொடிகளிலேயே விலகினால், தலைப்பு சொன்னதை வீடியோ காட்டாதது காரணமாக இருக்கலாம். அப்போது தலைப்பை மாற்றுங்கள்.