ஒரு கிலோமீட்டர் கடற்கரை, இரண்டு ஐஸ் வண்டிகள்

நேராக ஒரு கிலோமீட்டர் நீளும் கடற்கரை. கரை நெடுக, பத்து மீட்டருக்கு ஒருவராக நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு ஐஸ்க்ரீம் வண்டிகள் வருகின்றன. ஒன்று முத்துவுடையது, இன்னொன்று காதருடையது. இருவரிடமும் ஒரே கம்பெனி சரக்கு, உறையில் அச்சிட்ட ஒரே விலை. அதனால் யாரிடம் வாங்குவது என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறது. எந்த வண்டி கிட்டத்தில் நிற்கிறதோ அங்கே போவார்கள். ஆளுக்கு ஒரு ஐஸ் வாங்குவார்கள்.

இது கற்பனைக் கடற்கரை. பொருளாதார வகுப்புகளில் பல காலமாகச் சொல்லப்படும் கதை. கதையின் கேள்வி இதுதான்: இந்த இருவரும் கடைசியில் எங்கே போய் நிற்பார்கள்?

முதல் நாள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு கரையைச் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். இடது முனையிலிருந்து 250-ஆவது மீட்டரில் முத்து, 750-ஆவது மீட்டரில் காதர். ஆளுக்கு 50 பேர். ஐஸ் வாங்க யாரும் 250 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. சராசரியாகப் பார்த்தால் 125 மீட்டர் நடைதான். இரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது.

மறுநாள் முத்து தன் வண்டியை 350-ஆவது மீட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். காதர் 750-இலேயே நிற்கிறார். இருவருக்கும் நடுப்புள்ளி இப்போது 550. அதற்கு இடப்பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் முத்துவிடம் வருகிறார்கள்: 55 பேர். காதருக்கு 45. இடது முனையில் உட்கார்ந்திருப்பவருக்கு நடை 250 மீட்டரிலிருந்து 350 மீட்டராகிவிட்டது. அவர் முணுமுணுப்பார். ஆனால் காதர் இன்னும் தொலைவில் இருப்பதால் முத்துவை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. முத்துவின் கணக்கே அதுதான்: முனையில் இருப்பவர் எங்கும் போகமாட்டார், நடுவில் இருப்பவரைத்தான் பிடிக்க வேண்டும்.

காதர் சும்மா இருப்பாரா? அவர் நேராக வந்து முத்துவுக்கு வலப்பக்கம் 360-ஆவது மீட்டரில் நிறுத்துகிறார். நடுப்புள்ளி 355. வலப்பக்கத்துக் கரை முழுவதும் அவருக்கு. 64 பேருக்குக் குறையாமல் வாங்குவார்கள்.

“என்ன பாய், பக்கத்துலயே வந்துட்டீங்க?”

“நேத்து நகர்ந்தது நீங்கதானே அண்ணே!”

அடுத்த நாள் முத்து காதரைத் தாண்டி 370-க்குப் போகிறார். பிறகு காதர் அவரைத் தாண்டுகிறார். எந்தப் பக்கம் கரை நீளமாக மிச்சமிருக்கிறதோ அந்தப் பக்கம் நிற்பவருக்கே லாபம் என்பதால் இந்தத் தாண்டல் நடுக்கரை வரை ஓயாது. 500-ஆவது மீட்டரில் இருவரும் ஒட்டி நிற்கும்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகிறது. அங்கிருந்து யாராவது ஒருவர் 100 மீட்டர் விலகினால், இருவருக்கும் இடையிலான தூரத்தில் பாதி, அதாவது 50 மீட்டர், மற்றவர் கைக்குப் போய்விடும். ஐந்து பேர் குறைவார்கள். ஆகவே விலக மாட்டார்கள். இப்படி, தனியாக இடம் மாறி யாருக்கும் லாபமில்லை என்ற நிலையைப் பொருளாதாரத்தில் சமநிலை என்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். முத்துவுக்கு இப்போதும் 50 பேர்தான், காதருக்கும் 50 பேர்தான். இத்தனை நாள் வண்டி தள்ளியதில் இருவருக்கும் ஒரு ஐஸ்கூட அதிகம் விற்கவில்லை. மாறியது ஜனங்களின் நடை மட்டும்: சராசரி 125 மீட்டரிலிருந்து 250 மீட்டராகிவிட்டது. முனையில் இருப்பவர் அரை கிலோமீட்டர் நடக்கிறார்.

இந்தக் கணக்கின் மூலவர் ஹரால்ட் ஹாட்டலிங். 1895-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்தவர்; புள்ளியியல் துறையிலும் பெரிய பெயர். 1929-இல் ‘எகனாமிக் ஜர்னல்’ என்ற ஆய்விதழில் போட்டியின் நிலைத்தன்மை பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஐஸ் வண்டி கிடையாது. ஊரின் பெரிய கடைத்தெரு என்றோ கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை என்றோ வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கோட்டைத்தான் வரைந்தார். கடற்கரையும் ஐஸ்க்ரீமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தக் கோடு தெருவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. ஆப்பிள் ரசத்தின் இனிப்பு குறைவிலிருந்து அதிகம் வரை ஒரு கோடு. இரண்டு கம்பெனிகளும் நடுத்தர இனிப்பிலேயே வந்து நிற்கும். அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளின் கொள்கைகள் ஒன்றுபோலத் தெரிவதற்கும் அவர் இதையே காரணமாகச் சொன்னார். 1957-இல் ஆண்டனி டௌன்ஸ் என்பவர் இந்த அரசியல் பகுதியை மட்டும் எடுத்துத் தனி நூலாகவே விரித்தெழுதினார்.

கதை இந்த இடத்தோடு முடிந்துவிட்டதாகத்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றைத் தளர்த்தினாலும் வண்டிகள் நடுவில் நிற்பதில்லை.

முதல் நிபந்தனை, எவ்வளவு தூரமானாலும் ஜனங்கள் நடந்து வந்து வாங்குவார்கள் என்பது. நிஜத்தில் அப்படி இல்லை. 300 மீட்டருக்கு மேல் என்றால் ஐஸே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள் என்று வைப்போம். நடுவில் ஒட்டி நிற்கும் முத்துவுக்கும் காதருக்கும் இப்போது 200-ஆவது மீட்டரிலிருந்து 800-ஆவது மீட்டர் வரை இருப்பவர்கள்தான் கிடைப்பார்கள். மொத்தம் 60 பேர், ஆளுக்கு 30. இரண்டு முனைகளிலும் 40 பேர் வாங்காமலே வீட்டுக்குப் போகிறார்கள். இந்த நஷ்டம் வண்டிக்காரரையே சுடுகிறது.

அதனால் இருவரும் விலகுவார்கள். முத்து 300-க்கும் காதர் 700-க்கும் போனதும் முனைகள் கைக்குள் வந்துவிடுகின்றன. ஆளுக்கு 50 பேர். அங்கிருந்து முத்து பத்து மீட்டர் உள்ளே வந்தால் எல்லையில் ஐந்து மீட்டர் கிடைக்கும், முனையில் பத்து மீட்டர் போகும். நஷ்டம்தான். ஆகவே அங்கேயே நிற்பார்கள். சராசரி நடை 130 மீட்டர். நல்ல ஏற்பாட்டுக்கு ஏறக்குறைய சமம். இந்த வழியில் யோசித்து 1941-இல் ஆர்தர் ஸ்மிதீஸ் எழுதினார். அரசியலில் இதற்கு நேரான ஆள், கட்சி நடுவுக்கு நகர்ந்துவிட்டது என்ற கசப்பில் வாக்களிக்கப் போகாமல் இருந்துவிடும் தீவிர ஆதரவாளர். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் கட்சிகள் நடுவில் ஒட்டி நிற்பதில்லை.

இரண்டாவது நிபந்தனை, விலை மாறாது என்பது. ஐஸின் அடக்க விலை 30 ரூபாய், விற்பது 50 ரூபாய் என்று கொள்வோம். நடுக்கரையில் ஆளுக்கு 50 ஐஸ், 1,000 ரூபாய் லாபம். காதர் விலையை 48 ஆக்குகிறார். வண்டிகள் ஒட்டி நிற்பதால் இரண்டு ரூபாய்க்காக எல்லோரும் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள்: 100 ஐஸ், 1,800 ரூபாய். முத்து 46-க்கு இறங்குவார். காதர் 44. இப்படியே அடக்க விலை வரை போய் இருவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். வண்டிகள் தள்ளி நின்றிருந்தால் இரண்டு ரூபாய்க்காக யாரும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். தூரம் விலையைக் காப்பாற்றும்.

ஹாட்டலிங்கின் கட்டுரையில் விலையும் உண்டு. ஆனால் கடைகள் மிகவும் நெருங்கும்போது இந்த விலைச்சண்டை வெடித்து எந்த விலையும் நிலைக்காது என்பதை அவர் கவனிக்கத் தவறினார். அரை நூற்றாண்டு கழித்து, 1979-இல், தாஸ்ப்ரமோ, காப்ஸெவிச், திஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்த ஓட்டையைக் காட்டினார்கள். தூரம் இரண்டு மடங்கானால் நடக்கும் சிரமம் நான்கு மடங்காகும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், விலைச்சண்டைக்கு அஞ்சிய கடைக்காரர்கள் கரையின் இரண்டு முனைகளுக்கே ஓடிவிடுவார்கள் என்றும் காட்டினார்கள். விந்தை என்னவென்றால், முனைகளில் நின்றாலும் ஜனங்களின் சராசரி நடை அதே 250 மீட்டர்தான். ஒட்டி நின்றாலும் அதிகம், ஓடி நின்றாலும் அதிகம். நடக்கும் கால்கள் வாங்குபவருடையவை. அந்தச் சிரமம் விற்பவரின் லாபக் கணக்கில் நேராக ஏறுவதில்லை.

எனவே ஒரே மாதிரிக் கடைகள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, விலையை மாற்ற அவர்களால் முடியுமா என்பதே. நம் ஊர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க்குகள் எதிரெதிரே நிற்கின்றன. பொதுத்துறை நிறுவனங்களின் பங்க்குகளில் லிட்டர் விலை அநேகமாக ஒன்றுதான். பங்க்காரர் தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. விலைச்சண்டை பயம் இல்லாததால் வண்டிகள் அதிகம் போகும் இடத்தில் ஒட்டி நிற்பதில் அவர்களுக்குக் கஷ்டமில்லை. ஸ்பெயினில் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளின் விலையை அரசு கட்டுப்படுத்துகிறது. அங்கே மருந்துக் கடைகளைச் சந்தைப் போக்கில் விட்டுவிடவில்லை; இரண்டு கடைகளுக்கு நடுவே பொதுவாக 250 மீட்டராவது இருக்க வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முத்துவும் காதரும் முதல் நாள் பேசி வைத்துக்கொண்டதை அங்கே சட்டம் செய்கிறது.

அடுத்துக் கேட்க வேண்டியது, தூரத்தில் இருப்பவர் வாங்காமலே விட்டுவிடுவாரா என்பது. பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடாது; ஐஸ் இல்லாமல் மாலை கழிந்துவிடும். விட்டுவிடக்கூடிய பொருளை விற்பவர் பரவி நிற்பார்.

ஆனால் பட்டுக்கடைகளும் நகைக்கடைகளும் ஒரே தெருவில் குவிவதற்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே சரக்கு கடைக்குக் கடை வேறு. நான்கு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கத்தான் ஜனங்கள் அந்தத் தெருவுக்கே வருகிறார்கள். பக்கத்துக் கடை அங்கே கூட்டத்தைக் கொண்டு வருகிறது. நடுக்கரையில் முத்துவுக்குக் காதரால் ஒரு ஆள்கூடக் கூடுதலாக வரவில்லை.