அப்பா கட்டிய ராட்சதன்

ஜப்பானிய ராட்சத ரோபோ அனிமேக்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, உலகத்தைக் காப்பாற்றும் வேலையை ஏன் 14 வயதுப் பையனிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதுதான். கதையில் ராணுவம் இருக்கும், விஞ்ஞானிகள் இருப்பார்கள், பயிற்சி பெற்ற விமானிகளும் இருப்பார்கள். ஆனால் ஆபத்து வருகிற அன்று விமானி அடிபட்டுக் கிடப்பார். அந்தப் பக்கம் வந்த பள்ளிக்கூடப் பையன் இயந்திரத்துக்குள் ஏறி உட்காருவான். முதல் அடியில் தடுமாறுவான், அப்புறம் எப்படியோ ஜெயித்துவிடுவான்.

இதற்கு வியாபாரக் காரணம் ஒன்று உண்டு. இந்தத் தொடர்களுக்குப் பெரும்பாலும் பணம் போட்டவை பொம்மைக் கம்பெனிகள். பொம்மை கேட்டு அடம்பிடிக்கிற வயதுக்காரனே நாயகனாகவும் இருப்பது அவர்களுக்கு வசதி. ஆனால் அந்த இயந்திரத்தைக் கட்டியது யார் என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது. திரும்பத் திரும்பப் பையனின் அப்பாவோ தாத்தாவோதான் கட்டியிருப்பார்.

1956இல் மிட்சுதேரு யோகோயாமா வரையத் தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ காமிக்ஸிலேயே இது வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்காக ரகசியமாக உருவான இரும்பு ராட்சதன், போர் முடிந்தபின் அதைச் செய்த விஞ்ஞானியின் மகன் ஷோதாரோவிடம் வந்து சேர்கிறது. ஆனால் அதற்குள் யாரும் ஏறுவதில்லை, ரிமோட்டில்தான் ஓடுகிறது. ரிமோட் திருடன் கைக்குப் போனால் ராட்சதன் திருடனுக்கு வேலை செய்யும். தோற்றுப்போன போரின் ஆயுதத்தை அடுத்த தலைமுறைப் பையன் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் கதைக்கு அடியில் ஓடும் கேள்வி.

பையனை இயந்திரத்தின் தலைக்குள் உட்கார வைத்துப் பிரபலமாக்கியவர் கோ நாகாய். 1972இல் வந்த ‘மாஜிங்கர் Z’ தொடரில், சாகும் தறுவாயில் இருக்கும் தாத்தா தான் கட்டிய 18 மீட்டர் உயர ரோபோவைப் பேரன் கோஜியிடம் ஒப்படைக்கிறார். இதை வைத்து நீ கடவுளும் ஆகலாம், பிசாசும் ஆகலாம் என்கிறார். கோஜி தன் சிறு விமானத்தை ரோபோவின் தலையில் இறக்கிப் பொருத்தியதும் ராட்சதனுக்கு உயிர் வருகிறது. பார்க்கிற சிறுவனுக்கு இதில் கிடைத்த சந்தோஷம் நேரடியானது: பெரியவர்களின் பலம் இப்போது என் உடம்பு.

ஏழு வருடம் கழித்து யோஷியுகி டோமினோ அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தார். 1979இன் ‘மொபைல் சூட் கண்டம்’ முதல் எபிசோடில், விண்வெளிக் குடியிருப்பைப் பகைவர்கள் தாக்குகிறார்கள். அமுரோவின் அப்பா, தான் வடிவமைத்த இயந்திரத்தின் பாகங்களைக் கப்பலில் ஏற்றுவதிலேயே மும்முரமாக இருக்கிறார். மனிதர்களைவிட அந்த இயந்திரம் முக்கியமா என்று மகன் அவரிடமே கேட்கிறான். சற்று நேரத்தில் அவனே அதில் ஏறி, கையேட்டைப் புரட்டியபடி ஓட்டி, பகைவனின் இயந்திரத்தை வெட்டுகிறான். அது வெடித்துக் குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியே விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்படுவது அவனுடைய அப்பா.

அவர் சாகவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதிக்கப்பட்டு வேறோர் இடத்தில் வாழ்கிறார். பிற்பாடு மகனைச் சந்திக்கும்போது, இதைப் பொருத்தினால் கண்டம் பிரமாதமாகச் சண்டை போடும் என்று ஒரு மின்சுற்றைக் கொடுக்கிறார். அது காலாவதியான பாகம் என்பது அமுரோவுக்குப் பார்த்ததுமே தெரிகிறது. தெருவில் நடந்து போகும்போது அதை வீசி எறிந்துவிடுகிறான். மகன் அப்பாவைத் தாண்டிப்போனதை இவ்வளவு குரூரமாகச் சொன்ன காட்சி அந்தக் காலத்துச் சிறுவர் தொடர்களில் அபூர்வம். தொடர் முதலில் எடுபடவில்லை. 52 எபிசோடுகள் திட்டமிட்டு 43இல் முடித்துக்கொண்டார்கள். பிறகு மறு ஒளிபரப்பும் பான்டாய் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல்களும்தான் அதைத் தூக்கி நிறுத்தின.

இந்த வரிசையில் மிக ஆழமாகப் போனது 1995இல் ஹிடேயாகி அன்னோ எடுத்த ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்ஜெலியன்’. கதை தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். பல வருடம் தன்னை ஒதுக்கி வைத்த அப்பா கூப்பிட்டனுப்ப, 14 வயது ஷின்ஜி போய் நிற்கிறான். அப்பா சொல்வது, எவாவில் ஏறு என்பது மட்டும்தான். முடியாது என்கிறான். அந்த நேரம் தாக்குதலில் கட்டடம் குலுங்கி, கூரையின் இரும்புகள் அவன்மேல் விழுகின்றன. யாருமே உள்ளே இல்லாத எவா தன் கையை உயர்த்தி அவனைக் காக்கிறது. அங்கிருந்த பொறியாளர்கள் திகைத்துப்போகிறார்கள். அந்தக் கை ஏன் அசைந்தது என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரியவரும். ஷின்ஜி குழந்தையாக இருந்தபோது ஒரு சோதனையில் மறைந்துபோன அவன் அம்மாவின் ஆன்மா அந்த எவாவுக்குள் இருக்கிறது.

தெரிந்தபின் மறுபடி பார்த்தால் எல்லா வடிவமைப்பும் வேறாகத் தெரியும். ஓட்டுபவன் உட்காரும் குழாயை, இரத்த வாடை வீசும் ஒரு திரவத்தால் நிரப்புகிறார்கள். அவன் அதையே சுவாசிக்க வேண்டும். எவாவுக்கு அடிபட்டால் அவனுக்கும் வலிக்கும். முதுகில் செருகிய மின்கேபிள் கழன்றால் அதிகபட்சம் 5 நிமிடம்தான் இயங்கும். கருப்பையை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது. 19ஆம் எபிசோடில் மின்சாரம் முழுக்கத் தீர்ந்த எவா, ஷின்ஜியின் கெஞ்சலுக்கு எழுந்து பகைவனைக் கிழித்துத் தின்கிறது. ஆனால் அவன் உடம்பு அந்தத் திரவத்திலேயே கரைந்துபோய்விடுகிறது. அவனை மீண்டும் மனிதனாக வெளியே கொண்டுவர ஒரு மாதம் ஆகிறது. அம்மாவிடம் முழுக்கத் திரும்பிப் போவதென்றால் தான் இல்லாமல் போவது என்பதை அன்னோ படமாகவே காட்டிவிடுகிறார்.

அதே இயந்திரத்தில் அப்பாவும் இருக்கிறார். 18ஆம் எபிசோடில் பகையிடம் சிக்கிய இன்னோர் எவாவுக்குள் ஒரு பையன் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஷின்ஜி அடிக்க மறுக்கிறான். அப்பா கட்டளையிட, அவன் கட்டுப்பாடு துண்டிக்கப்பட்டு இயந்திரம் தானாகச் சண்டை போடுகிறது. நிறுத்து என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே அவனது எவா எதிராளியைப் பிய்த்துப் போடுகிறது. உள்ளே இருந்தது தன் வகுப்புத் தோழன் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. காப்பாற்ற அசைந்த அதே கையை அப்பா கொலைக்கு அசைக்கிறார். பெற்றோர் இருவர் இழுக்கும் இழுப்பில் நடுவில் அகப்பட்ட பிள்ளையின் கதை இது. ரோபோ சண்டை அதற்குச் சாக்கு என்றே நினைக்கிறேன்.

எல்லா ரோபோவையும் இப்படிப் படிக்க வேண்டியதில்லை. பையன் இயந்திரத்தை மாற்றிக்கொள்கிறானா என்று பாருங்கள், தெரிந்துவிடும். 1983இன் ‘வோட்டம்ஸ்’ தொடரில் சிப்பாய் சிரிக்கோ ஓட்டும் இயந்திரங்கள் சுமார் 4 மீட்டர் உயரமுள்ள மலிவான போர்த் தளவாடங்கள். ஒன்று உடைந்தால் அதைப் போட்டுவிட்டு இன்னொன்றில் ஏறிக்கொள்வான். அங்கே இயந்திரம் வெறும் இயந்திரம்தான். இன்னொருவர் ஏறினால் அசையாது, இவனுக்கு மட்டுமே கட்டுப்படும் என்று கதை அடம்பிடித்தால், அங்கே வேறொன்று ஒளிந்திருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவது எப்படி என்பதில்தான் இந்தக் கதைகளின் தரம் தெரிகிறது. தலையும் ஒரு கையும் போன கண்டத்தை விட்டுவிட்டு அமுரோ தன் தோழர்களிடம் திரும்புகிறான். 2021இல் வந்த கடைசி எவாஞ்ஜெலியன் படத்தில் ஷின்ஜி அப்பாவிடம் பேசித் தீர்த்துவிட்டு எவாக்களுக்கே விடைகொடுக்கிறான். தொடரில் கிடைக்காத அந்த முடிவுக்கு 25 வருடம் பிடித்தது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் கண்டத்தில் தொடங்குங்கள். 43 எபிசோடுகளுக்குப் பொறுமை இல்லையென்றால், அதையே சுருக்கி 1981-82இல் வெளியிட்ட மூன்று திரைப்படங்கள் போதும். எவாஞ்ஜெலியனை அதற்கப்புறம் பாருங்கள். கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளை மட்டும் கூட உட்கார வைக்க வேண்டாம்.