நான் கேட்டாலும் சொல்லாதீங்கம்மா

மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம் நவம்பர். மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும். தபால் துறையில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்கு இப்படி ஒரு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஓய்வுபெற்ற தேதி, ஓய்வூதிய ஆணை எண் எல்லாவற்றையும் அந்தக் குரல் சரியாகச் சொல்கிறது. “சான்றிதழ் இன்னும் பதிவாகலைம்மா. இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க, நானே முடிச்சுடறேன்.” இவ்வளவு விவரம் தெரிந்தவரை அவர் எப்படிச் சந்தேகிப்பார்?

அந்த எண்ணைத் தயங்காமல் சொல்லும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்துதான். சென்னையிலிருந்து மகன் ரயில் டிக்கெட் எடுக்கிறான், மகள் மின் கட்டணம் கட்டுகிறாள். “அம்மா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று அவர்களே கேட்டுப் பழக்கியிருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் வாசலில் ஒரு எண் கேட்கிறார். அதைச் சொல்வது சரிதான். ஆகவே “யாருக்கும் எதையும் சொல்லாதீங்க” என்ற பொத்தாம்பொதுவான எச்சரிக்கை நிற்காது, குழப்பத்தைத்தான் கூட்டும்.

போனில் பேங்க் எண் எதுவும் சொல்வதில்லை என்று வீட்டில் ஒரே விதியாக வைத்துக்கொள்வதே நல்லது. “நான் கேட்டாலும் சொல்லாதீங்கம்மா” என்பதும் அந்த விதிக்குள் வர வேண்டும். இனி பிள்ளைகளும் கேட்கக் கூடாது. டிக்கெட்டைத் தங்கள் கணக்கிலிருந்தே எடுக்கட்டும்.

நாளிதழில் வந்த மோசடிச் செய்திகளைப் படித்துக்காட்டினால் பயம்தான் மிஞ்சும். அதைவிட, அம்மாவின் போனிலேயே வந்து கிடக்கும் பழைய ஓடிபி குறுஞ்செய்தி ஒன்றைத் திறந்து சேர்ந்து படிக்கலாம். எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு என்று பல செய்திகளில் இருக்கும். யாரிடமும் பகிர வேண்டாம் என்ற வரியும் இருக்கும். சான்றிதழுக்கு என்று சொன்னவரின் எண்ணோடு 49,000 ரூபாய் என்று வந்திருந்தால், படித்தவுடனே பொய் தெரிந்துவிடும். யுபிஐ ரகசிய எண்ணும் அப்படித்தான்: பணம் அனுப்பத்தான் அது வேண்டும், வாங்க வேண்டாம்.

அழைப்பை எப்படி முடிப்பது என்பதும் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம். எதிரில் பேசுபவரை முறித்துப் பேச அவர்களுக்கு மனம் வராது. “நேர்ல பேங்க்குக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அப்படியும் எண்ணைச் சொல்லிவிட்டால் உடனே பேங்க்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். எண்ணைப் பகிர்ந்ததால் போன பணத்துக்கு, புகார் சொல்லும் வரை வாடிக்கையாளரே பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. பேங்க்குக்குத் தெரிவித்த பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. பிள்ளைகள் திட்டுவார்களோ என்று அம்மா மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கணக்கு மாறிப் போகலாம். அதனால் திட்ட மாட்டோம் என்பதை இன்றைக்கே, ஒன்றும் நடக்காதபோதே, அவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.