சமையற்கட்டு வடிகாலுக்கு எவ்வளவு வாட்டம்?

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் சோறு வடித்த கஞ்சி, அண்டா கழுவிய தண்ணீர், பருக்கை, காய்த்தோல் எல்லாம் தரையில் ஓடும் வடிகாலுக்குத்தான் வருகின்றன. அந்த வடிகாலில் தண்ணீர் தேங்கினால், பெரும்பாலும் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். பல இடங்களில் குறை வாட்டத்தில் இருக்கிறது. தளம் போட்டு முடித்த பிறகு அதைச் சரிசெய்ய, உடைப்பதைத் தவிர வழியில்லை.

6 மீட்டர் நீள வடிகால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100-க்கு 1 என்ற வாட்டம் போதுமானது; அதாவது மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் இறக்கம். தொடக்கத்தில் ஆழம் 75 மில்லிமீட்டர் என்றால், கடைசியில் 135 இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சரிய வேண்டியது வடிகாலின் அடிப்பகுதி மட்டுமே. மேல்விளிம்பு நெடுக ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கம்பிச் சல்லடை ஆடாமல் உட்காரும், இருபுறத் தரையும் சீராக வந்து சேரும். தரைக்குத் தனி வாட்டம் உண்டு: 80-க்கு 1. சுவர் 2.4 மீட்டர் தள்ளியிருந்தால், சுவரோரம் 30 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இதைவிட அதிகம் சரித்தால் ஈரத்தில் கால் வழுக்கும், தள்ளுவண்டியும் நிற்காமல் உருளும்.

மாடியில் இதே வடிகாலைப் போடுவது கடினம். 135 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே கல்லும் கலவையும் வேறு இருக்கின்றன; அவ்வளவு கனத்துக்கு அங்கே இடம் கிடைக்காது. அப்போது வெளியேறும் வாயை நடுவில் வைப்பதே நல்ல யோசனை. இருபுறமும் 3 மீட்டர்தான் ஓட்டம், 30 மில்லிமீட்டர் இறக்கம். ஆழம் 105-உடன் நின்றுவிடும். அடிப்பகுதியைத் தட்டையாக விடாமல் குழிவாக வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கொஞ்சமாக வரும் தண்ணீரும் நடுவில் ஒன்றுகூடி, பருக்கையை இழுத்துப் போகும்.

அளக்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். சுவரில் ஒரே மட்டமாகக் கோடு இழுத்து, அங்கிருந்து மீட்டருக்கு மீட்டர் கீழே அளந்து குறிக்க வேண்டும். கல் பதிக்கும் முன், அடிக்கலவை இறுகியதும், மேட்டுமுனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓட்டம் நின்ற பிறகும் குட்டையாய்த் தங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அன்றே பூசி நிரப்பச் சொல்லுங்கள். கொத்தனார் முகம் சுளித்தாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது.

கஞ்சிக்காக இன்னும் இரண்டு ஏற்பாடுகள் தேவை. தேங்கிப் புளிக்கும் கஞ்சி சிமென்ட்டை அரிக்கும் என்பதால், கல்லிடுக்கை எபாக்ஸி கொண்டு அடைப்பது நல்லது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகி வளையும். கூடவே குழாய்த் தண்ணீரையும் திறந்துவிட வேண்டும்.

வடிகாலின் வாயில் இருக்கும் நஹானி டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும்போது அது வற்றிவிடும். வாரம் ஒரு வாளி ஊற்றி வைக்கச் சொல்லுங்கள்.