வால்வு பெரிதானால் குளிர் நிலைக்காது

பெரிய கட்டடங்களின் ஏசியில், காயிலுக்குப் போகும் குளிர்நீரின் அளவைக் கட்டுப்பாட்டு வால்வுதான் கூட்டிக் குறைக்கிறது. வால்வு முழுதும் திறந்திருக்கையில் அதில் 10 கிலோபாஸ்கலும், காயிலிலும் குழாயிலும் 40 கிலோபாஸ்கலும் அழுத்தம் குறைவதாகக் கொள்வோம். மொத்தம் 50இல் வால்வின் பங்கு 10, அதாவது 0.2. இதுவே வால்வின் அதிகாரம்.

இத்தகைய பெரிய வால்வு சற்றே திறந்தாலும் தண்ணீர் மிகுதியாகப் பாயும். அறை தேவைக்குமேல் குளிரும். கன்ட்ரோலர் மூடும், வெப்பம் ஏறும், மறுபடி திறக்கும். வால்வுத் தண்டு, மூடும் நிலையை ஒட்டியே ஓயாமல் ஏறி இறங்குவது இதன் அடையாளம். பேலன்சிங் வால்வை இறுக்கினால் உச்ச ஓட்டம் குறையும்; அதிகாரம் கூடாது.

பம்பின் அழுத்தம் போதுமானால், 40 கிலோபாஸ்கல் குறைக்கும் சிறிய வால்வைப் பொருத்தலாம், அதிகாரம் 0.5 ஆகும். குழாயின் அளவை மட்டும் பார்த்து வால்வு வாங்காதீர்கள்.